பேட்டரியின் நீளக்கோடு எந்தப் பக்கம்?

பக்கத்தில் பக்கமாக ஒட்டி நிற்கும் இரண்டு கட்டங்கள். இடது ஓரத்தில் 20 வோல்ட் பேட்டரி, அதோடு தொடராக 2 ஓம் மின்தடை. இரண்டு கட்டங்களுக்கும் பொதுவான நடுக்கோட்டில் 6 ஓம். வலது ஓரத்தில் 3 ஓம் மின்தடையும் 6 வோல்ட் பேட்டரியும் தொடராக. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் மின்னோட்டவியல் பாடத்தைத் தாண்டி வந்தவர்களுக்கும், பொறியியல் முதலாண்டில் அடிப்படை மின்னியல் எழுதியவர்களுக்கும் இந்தச் சாயலில் ஒரு கணக்காவது நினைவிருக்கும். இந்தக் கட்டுரைக்காக இப்படி ஒரு மாதிரிக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். கேள்வியில் இரண்டு பிரிவுகள்: (அ) ஒவ்வொரு மின்தடையிலும் ஓடும் மின்னோட்டத்தைக் காண்க. (ஆ) 6 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகிறது எனக் காட்டி, அது பெறும் திறனைக் கணக்கிடுக.

அச்சுத்தாளில் இது பத்து நிமிடக் கணக்கு. ஆனால் இன்று பெரும்பாலான மாணவர்களிடம் கேள்வித்தாள் தாளாக வந்து சேர்வதில்லை. தேர்வு முடிந்த மாலையில் யாரோ மேசைமேல் வைத்துச் செல்போனில் எடுத்த படம், குழுவிலிருந்து குழுவுக்குப் போய், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தெளிவு இழந்து வருகிறது. மடித்த இடத்தில் கோடு உடைந்திருக்கும். எடுத்தவரின் கைநிழல் வலதுபாதியில் விழுந்திருக்கும். 3-க்குப் பக்கத்தில் இருக்கும் ஓம் குறி பூஜ்ஜியம்போலத் தெரியும். வலப்பக்க பேட்டரியின் இரண்டு கோடுகளில் எது நீளம், எது குட்டை என்பது நிழலுக்குள் மறைந்துவிடும்.

இந்தக் கணக்கில் இரண்டு வகைத் தவறுகள் நடக்கலாம். சமன்பாட்டில் குறி மாறுவது ஒன்று. படத்தைத் தவறாக வாசிப்பது இன்னொன்று. முதல் தவறைக் கணக்கே கண்டுபிடித்துக் கொடுக்கும். இரண்டாவதை அது கண்டுபிடிக்காது. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பல மாணவர்கள் சரிபார்த்த விடையையே தவறாக எழுதிவிட்டு, மதிப்பெண் எங்கே போனது என்று தேடுகிறார்கள்.

முதலில் பென்சில்

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே சமன்பாடு எழுதத் தொடங்கக் கூடாது. ஒரு வெள்ளைத் தாளில் சுற்றைத் திரும்ப வரைய வேண்டும். வெறுமனே பார்க்கும்போது கண் தாவிப் போய்விடும் இடங்களில், வரையும்போது கை நின்றுவிடும். பேட்டரியின் நீளக்கோட்டை மேலே போடுவதா கீழே போடுவதா என்று முடிவெடுக்காமல் பேட்டரியை வரைய முடியாது. அந்த முடிவை எந்த ஆதாரத்தில் எடுத்தோம் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்வது நல்லது. நீளக்கோடு நேர்முனை, குட்டைக்கோடு எதிர்முனை. இடது பேட்டரியில் அது தெளிவாகத் தெரிகிறது: நேர்முனை மேலே. வலது பேட்டரியிலும் நேர்முனை மேலே என்றே இப்போதைக்கு வரைந்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைப்போம். அந்தக் கேள்விக்குறிக்குப் பிறகு திரும்பி வர வேண்டியிருக்கும்.

அடுத்து, சந்திகள். படத்தில் கோடு திரும்பும் இடங்களையும் சேரும் இடங்களையும் எண்ணினால் ஆறு வரும். ஆறையும் சந்தி என்று எண்ணிக்கொண்டு ஆறு சமன்பாடு எழுதத் தொடங்குபவர்கள் உண்டு. நான்கு மூலைகளில் கம்பி வெறுமனே திரும்புகிறது. அங்கே மின்னோட்டம் பிரிவதும் இல்லை, சேர்வதும் இல்லை. மூன்று கிளைகள் கூடும் இடங்கள் இரண்டுதான்: நடுக்கோடு மேலே சேரும் இடம், கீழே சேரும் இடம். மேலே இருப்பதை A என்றும் கீழே இருப்பதை B என்றும் வைப்போம். இப்படிப் பார்த்தால் சுற்று மிக எளிமையாகிவிடுகிறது. A-யிலிருந்து B-க்கு மூன்று கிளைகள் தொங்குகின்றன. இடது கிளையில் 2 ஓமும் 20 வோல்ட்டும், நடுக்கிளையில் 6 ஓம் மட்டும், வலது கிளையில் 3 ஓமும் 6 வோல்ட்டும். அவ்வளவுதான் சுற்று.

சந்தி வழியே

கிர்க்காஃபின் முதல் விதி மின்னூட்டம் எங்கும் தேங்காது என்பதைச் சொல்கிறது. ஒரு சந்திக்குள் எவ்வளவு மின்னோட்டம் வருகிறதோ அவ்வளவும் வெளியேறியாக வேண்டும். இதைச் சமன்பாடாக்க B-யின் மின்னழுத்தத்தைப் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள்வோம். மின்னழுத்தத்தை எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வித்தியாசமாகத்தான் அளக்க முடியும் என்பதால், ஒரு புள்ளியை நம் விருப்பப்படி பூஜ்ஜியமாக்கும் உரிமை நமக்கு உண்டு. இனி தெரியாதது ஒன்றே ஒன்று: A-யின் மின்னழுத்தம். அதை V என்போம்.

இப்போது A-யிலிருந்து மூன்று கிளைகளிலும் மின்னோட்டம் வெளியேறுவதாகவே எழுதுகிறோம். உண்மையில் மூன்றிலும் வெளியேற முடியாது என்பது தெரிந்ததுதான். ஆனாலும் அப்படியே எழுத வேண்டும். எது உள்ளே வருகிறது என்று முன்கூட்டி ஊகித்து, ஒரு கிளைக்கு ஒரு விதமும் இன்னொரு கிளைக்கு வேறு விதமுமாக எழுதும்போதுதான் குறி தப்புகிறது. எல்லாவற்றையும் வெளியேறுவதாக எழுதிவிட்டால், உள்ளே வரும் மின்னோட்டம் விடையில் தானாகவே எதிர்க்குறியோடு வந்து நிற்கும்.

இடது கிளையில் 2 ஓம் மின்தடையின் ஒரு முனை A-யில் இருக்கிறது, அங்கே V. மறுமுனை பேட்டரியின் நேர்முனையில் இருக்கிறது, அங்கே 20 வோல்ட். எனவே ஓமின் விதிப்படி வெளியேறும் மின்னோட்டம் (V − 20)/2. நடுக்கிளையில் மறுமுனை B-யிலேயே இருப்பதால் V/6. வலது கிளையில் மறுமுனை 6 வோல்ட்டில் இருப்பதால் (V − 6)/3. மூன்றையும் கூட்டினால் பூஜ்ஜியம்:

(V − 20)/2 + V/6 + (V − 6)/3 = 0

எல்லாவற்றையும் 6-ஆல் பெருக்கினால் பின்னங்கள் போய்விடும்:

3V − 60 + V + 2V − 12 = 0
6V = 72
V = 12

A-யில் 12 வோல்ட். இதைத் திரும்பப் போட்டால் இடது கிளையில் (12 − 20)/2, அதாவது −4. எதிர்க்குறி என்பதால் 4 ஆம்பியர் A-க்குள் வருகிறது. நடுவில் 12/6, அதாவது 2 ஆம்பியர் கீழே இறங்குகிறது. வலது கிளையில் (12 − 6)/3, அதுவும் 2 ஆம்பியர், கீழே இறங்குகிறது. வந்த 4-ம் போன 2 + 2-ம் சரியாகிவிட்டன. வலது கிளையில் மின்னோட்டம் 6 வோல்ட் பேட்டரியின் நேர்முனை வழியாக உள்ளே நுழைகிறது என்பதைக் கவனியுங்கள். பேட்டரி தானாக மின்னோட்டம் தருகிறபோது அது நேர்முனையிலிருந்து வெளியே வரும். இங்கே உள்ளே போகிறது. அந்த பேட்டரி சார்ஜ் ஆகிறது.

லூப் வழியே

இதே சுற்றை லூப் முறையில் போடச் சொல்லியும் கேட்பார்கள். கல்லூரிகளில் மெஷ் என்று சொல்வது இதைத்தான். கிர்க்காஃபின் இரண்டாம் விதியை இப்படிப் பாருங்கள்: திருச்சி மலைக்கோட்டையில் எந்த வழியாக ஏறி எந்த வழியாக இறங்கினாலும், புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றால் ஏறிய உயரமும் இறங்கிய உயரமும் சமம். மின்சுற்றில் உயரத்தின் இடத்தில் மின்னழுத்தம் இருக்கிறது. பேட்டரியின் எதிர்முனையிலிருந்து நேர்முனைக்குப் போனால் ஏற்றம். மின்தடைக்குள் மின்னோட்டம் போகும் திசையிலேயே நாமும் போனால் இறக்கம். ஒரு லூப்பை முழுக்கச் சுற்றி வந்தால் கூட்டல் பூஜ்ஜியம். நேரத்தோடு மாறும் காந்தப்புலம் லூப்பை ஊடுருவும்போது இந்த எளிய வடிவம் போதாது. ஆனால் நம் சுற்றில் இருப்பது மாறாத நேர்மின்னோட்டம், அந்தச் சிக்கல் இங்கே இல்லை.

இடது கட்டத்தில் i1 என்ற மின்னோட்டம் கடிகாரத் திசையில் சுற்றுவதாகவும், வலது கட்டத்தில் i2 அதே கடிகாரத் திசையில் சுற்றுவதாகவும் வைக்கிறோம். நடுக்கோட்டில் i1 கீழ்நோக்கிப் போகிறது, i2 மேல்நோக்கிப் போகிறது. ஆகவே 6 ஓம் வழியாக உண்மையில் இறங்குவது i1 − i2. இரண்டு லூப்புகளும் சந்தித்துக்கொள்ளும் இந்த ஒரே ஒரு மின்தடையில்தான் கணக்கின் கடினமெல்லாம் இருக்கிறது.

இடது லூப்பில் B-யில் தொடங்கி, பேட்டரி வழியாக 20 ஏறி, 2 ஓமில் இறங்கி, நடுக்கோட்டில் இறங்கி மீண்டும் B-க்கு வருகிறோம்:

20 − 2·i1 − 6·(i1 − i2) = 0

வலது லூப்பில் B-யிலிருந்து நடுக்கோடு வழியாக மேலே போகிறோம், i2-வின் திசையில். பிறகு 3 ஓமில் இறங்குகிறோம். அதன்பின் 6 வோல்ட் பேட்டரியை நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குக் கடக்கிறோம், அதுவும் இறக்கம்தான்:

−6·(i2 − i1) − 3·i2 − 6 = 0

ஒழுங்குபடுத்தினால்:

8·i1 − 6·i2 = 20
6·i1 − 9·i2 = 6

இரண்டாவதை 3-ஆல் வகுத்தால் 2·i1 − 3·i2 = 2. அதை இரட்டித்தால் 4·i1 − 6·i2 = 4. முதல் சமன்பாட்டிலிருந்து இதைக் கழிக்க 4·i1 = 16. எனவே i1 = 4, i2 = 2. நடுவில் 4 − 2 = 2 ஆம்பியர். சந்தி முறையில் வந்த விடையேதான்.

ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். i2-வைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் வைத்துத் தொடங்கினாலும் தவறில்லை. அப்போது நடுக்கோட்டில் இரண்டும் ஒரே திசையில் இறங்கும், i1 + i2 என்று எழுத வேண்டும். இரண்டு சமன்பாடுகளும் 8·i1 + 6·i2 = 20, 6·i1 + 9·i2 = 6 என்று மாறும். விடை i1 = 4, i2 = −2. எதிர்க்குறி வந்ததும் பதறி, படத்தில் அம்புக்குறியைத் திருப்பி, கணக்கை மறுபடி தொடங்கத் தேவையில்லை. மின்னோட்டம் நாம் வைத்த அம்புக்கு எதிராக ஓடுகிறது என்பதைத்தான் அந்தக் குறி தெரிவிக்கிறது. பாதியில் அம்பைத் திருப்புகிறவர் ஒரு சமன்பாட்டைப் பழைய திசையிலும் இன்னொன்றைப் புதிய திசையிலும் வைத்திருப்பார். தவறு அங்கேதான் நுழைகிறது.

அப்படி நுழைந்துவிட்ட தவறு எப்படிப் பிடிபடும் என்று பார்ப்போம். ஒரு மாணவி i2-வை எதிர்த்திசையில் வைத்துவிட்டு, பழக்கத்தில் இடது லூப்பில் மட்டும் i1 − i2 என்று எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது லூப்பில் சரியாக i1 + i2 என்றே எழுதியிருக்கிறார். சமன்பாடுகள் 8·i1 − 6·i2 = 20, 6·i1 + 9·i2 = 6 என்று வரும். இவையும் பிசகில்லாமல் தீரும்: i1 = 2, i2 = −2/3. விடையைப் பார்த்தால் சந்தேகப்பட எதுவும் இல்லை.

இப்போது A-யின் மின்னழுத்தத்தை மூன்று கிளைகள் வழியாகவும் தனித்தனியே கணக்கிடச் சொல்லுங்கள். இடது கிளை வழியாக 20 − 2 × 2, அதாவது 16 வோல்ட். நடுக்கிளை வழியாக 6 × (2 − 2/3), அதாவது 8 வோல்ட். வலது கிளை வழியாக 6 + 3 × 2/3, அதுவும் 8 வோல்ட். ஒரே புள்ளிக்கு 16-ம் 8-ம் இருக்க முடியாது. நடுவும் வலதும் ஒத்துப்போகின்றன, இடது மட்டும் தனித்து நிற்கிறது. ஆகவே தவறு இடது லூப் சமன்பாட்டில் இருக்கிறது என்றுகூட இது கைகாட்டிவிடுகிறது. இதற்கு ஆகும் நேரம் அரை நிமிடம். சமன்பாட்டிலேயே விடையைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதை மட்டும் சரிபார்ப்பு என்று நினைப்பவர்களுக்கு இந்தத் தவறு கடைசிவரை தெரியாது. தவறான சமன்பாடும் தன் சொந்த விடைக்குப் பொருந்தவே செய்யும்.

நிழலுக்குள் இருந்த பேட்டரி

கேள்விக்குறி போட்டு வைத்த இடத்துக்கு வருவோம். வலது பேட்டரியின் நீளக்கோடு உண்மையில் கீழே இருக்கிறது என்று ஒருவர் வாசித்துவிட்டால் என்ன ஆகும்? A-யிலிருந்து பார்த்தால் 3 ஓமின் மறுமுனை இப்போது −6 வோல்ட்டில் இருக்கிறது. சந்திச் சமன்பாட்டில் (V − 6)/3 என்பது (V + 6)/3 ஆகிவிடும். தீர்த்தால் V = 8. இடது கிளையில் 6 ஆம்பியர் மேலே வருகிறது. நடுவில் 8/6, சுமார் 1.33 ஆம்பியர் இறங்குகிறது. வலதில் 14/3, சுமார் 4.67 ஆம்பியர் இறங்குகிறது.

மூன்று கிளைச் சோதனையைப் போட்டுப் பார்க்கலாம். இடது: 20 − 12 = 8. நடு: 6 × 4/3 = 8. வலது: −6 + 14 = 8. மூன்றும் ஒத்துப்போகின்றன. திறனைக் கூட்டிப் பார்த்தால் அதுவும் பொருந்துகிறது. இரண்டு பேட்டரிகளும் சேர்ந்து தருவது 120 + 28, அதாவது 148 வாட். மூன்று மின்தடைகளும் சேர்ந்து சூடாக்கிச் செலவழிப்பது 72 + 10.67 + 65.33, அதுவும் 148 வாட். கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் இது வேறொரு சுற்றின் கணக்கு. சமன்பாடுகளுக்குத் தாம் எந்தத் தாளிலிருந்து எடுக்கப்பட்டோம் என்று தெரியாது. நாம் கொடுத்த சுற்றுக்கு அவை நேர்மையாக விடை சொல்கின்றன.

ஆகவே படத்தை எப்படி வாசிப்பது என்று தீர்மானிக்கும் ஆதாரம் படத்துக்கு வெளியே கேள்வியின் வாக்கியத்தில் இருக்கிறது. (ஆ) பிரிவு 6 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகிறது எனக் காட்டச் சொல்கிறது. நீளக்கோடு மேலே என்றால், நாம் பார்த்தபடி, மின்னோட்டம் நேர்முனைக்குள் நுழைகிறது. பேட்டரி சார்ஜ் ஆகிறது. நீளக்கோடு கீழே என்றால் 4.67 ஆம்பியர் எதிர்முனை வழியாக உள்ளே வந்து நேர்முனை வழியாக வெளியேறுகிறது. இரண்டு பேட்டரிகளும் ஒன்றுக்கொன்று துணை நின்று காலியாகின்றன. கேள்வி கேட்டவர் அப்படியொரு பேட்டரியை சார்ஜ் ஆவதாகக் காட்டச் சொல்ல மாட்டார். கேள்விக்குறியை அழித்துவிடலாம். பல மாணவர்கள் (அ) பிரிவை முடித்த பிறகுதான் (ஆ) பிரிவை வாசிக்கிறார்கள். படம் மங்கலாக இருக்கும்போது முழுக் கேள்வியையும் முதலிலேயே வாசித்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஓம் குறி பூஜ்ஜியமாகத் தெரிவதற்கும் இதே பரிசோதனை ஓரளவு உதவும். இடது கிளையின் 2 ஓமை 20 என்று வாசித்தால் சந்திச் சமன்பாடு V-க்கு 180/33 என்று தரும், அதாவது சுமார் 5.45 வோல்ட். அது 6-ஐவிடக் குறைவு. அப்படியானால் 6 வோல்ட் பேட்டரிதான் மின்னோட்டம் தருகிறது, சார்ஜ் ஆகவில்லை. கேள்வியோடு மோதுகிறது, எனவே 20 இல்லை, 2-தான். வலது கிளையின் 3-ஐ 30 என்று வாசித்தால் மட்டும் இந்த வாதம் நமக்குக் கைகொடுக்காது. அப்போது V சுமார் 14.57 வோல்ட், பேட்டரி சார்ஜ் ஆகவே செய்கிறது, ஆனால் கால் ஆம்பியரைவிடச் சற்றே அதிகமாக மட்டும். வாக்கியம் அதை மறுக்கவில்லை. இங்கே நமக்கு மிஞ்சுவது பலவீனமான ஒரு குறிப்பு: கையால் போடும் தேர்வுக் கணக்கை அமைப்பவர்கள் பெரும்பாலும் முழு எண்ணாக விடை வரும்படி மதிப்புகளைத் தேர்ந்தெடுப்பார்கள். 3 ஓம் என்று எடுத்தால் 4, 2, 2 என்று வருகிறது. 30 என்று எடுத்தால் 306/21 போன்ற பின்னங்கள் வருகின்றன. சாயல் 3-ன் பக்கம் இருக்கிறது. இதை நிரூபணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இத்தகைய இடத்தில் வேறு யாராவது எடுத்த இன்னொரு படத்தைக் கேட்டு வாங்குவதுதான் சரியான வழி. அதுவும் கிடைக்காவிட்டால், '3 ஓம் எனக் கொண்டு' என்று விடைத்தாளின் முதல் வரியில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

எத்தனை சமன்பாடு போதும்?

இன்னும் ஒரு குழப்பம் மிச்சமிருக்கிறது. படத்தில் இடது கட்டம், வலது கட்டம் தவிர, இரண்டையும் சுற்றி வரும் பெரிய வெளிக்கட்டமும் ஒரு லூப்தானே, அதற்கும் ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள். எழுதிப் பார்க்கலாம்: 20 − 2·i1 − 3·i2 − 6 = 0. இடது லூப் சமன்பாட்டையும் வலது லூப் சமன்பாட்டையும் கூட்டினால் அப்படியே இதுதான் கிடைக்கும். நடுக்கோட்டின் பங்கு இரண்டிலும் எதிரெதிர்க் குறியில் வந்து அடிபட்டுப் போகிறது. ஆகவே வெளிக்கட்டம் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. அதேபோல் A-க்குச் சந்திச் சமன்பாடு எழுதிய பிறகு B-க்கும் எழுதினால், A-யின் சமன்பாடே குறி மாறி வரும். கிளைக்கு ஒன்றாக மூன்று மின்னோட்டங்களை வைத்துக்கொண்டு A, B, ஒரு லூப் என்று மூன்று சமன்பாடு எழுதுகிறவர் கடைசியில் 0 = 0 என்ற இடத்தில் வந்து நிற்பது இதனால்தான். அவர் எங்கும் குறி தவறவில்லை. ஒரே செய்தியை இரண்டு முறை எழுதியிருக்கிறார்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கிளைகளின் எண்ணிக்கையிலிருந்து சந்திகளின் எண்ணிக்கையைக் கழித்து ஒன்றைக் கூட்டினால், தேவையான லூப் சமன்பாடுகள் எத்தனை என்று தெரியும். நம் சுற்றில் 3 − 2 + 1 = 2. சந்திச் சமன்பாடுகள் சந்திகளின் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவு, இங்கே 1. கிளை மின்னோட்டங்களை வைத்து எழுதினால் இந்த இரண்டும் ஒன்றும் சேர்ந்து மூன்று. மெஷ் முறையில் சந்தி விதி i1 − i2 என்ற எழுத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதால் இரண்டு போதும். சந்தி மின்னழுத்த முறையில் ஒன்றே போதும். கேள்வி எந்த முறை என்று குறிப்பிடாதபோது இந்தச் சுற்றுக்கு நான் சந்தி முறையையே எடுப்பேன். ஒரே ஒரு தெரியாத எண் என்றால் தவறு செய்யவும் ஒரே இடம்தான்.

குஸ்டாவ் கிர்க்காஃப் இந்த இரண்டு விதிகளையும் 1845-இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 21. கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் மாணவர். ஓம் தன் விதியை வெளியிட்டு அப்போது 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் கிளை பிரிந்து சேரும் சுற்றுகளுக்கு அதை எப்படி ஒழுங்காகப் பயன்படுத்துவது என்பதற்குப் பொதுவான வழி இல்லாமல் இருந்தது. 1847-இல் எழுதிய இன்னொரு கட்டுரையில், எத்தனை லூப் சமன்பாடுகள் ஒன்றையொன்று சாராமல் நிற்கும் என்ற எண்ணிக்கையையும் அவர் நிறுவினார். முதலாண்டு மாணவர் 0 = 0-வில் போய் முட்டும் அதே இடத்தைத்தான் அந்த இரண்டாவது கட்டுரை தீர்த்துவைத்தது. பாடநூல்கள் முதல் கட்டுரையின் விதிகளைத் தடித்த எழுத்தில் போட்டுவிட்டு, இந்த எண்ணிக்கையை ஓர் ஓரத்தில் ஒதுக்கிவிடுகின்றன. எனக்கு அது வருத்தம். எந்தச் சமன்பாட்டை எழுத வேண்டாம் என்று தெரிவது, எதை எழுத வேண்டும் என்று தெரிவதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

மீதமிருப்பது (ஆ) பிரிவின் இரண்டாம் பாதி: 6 வோல்ட் பேட்டரி பெறும் திறன். இங்கே 24 வாட் என்று எழுதுகிறவர்கள் A-க்கும் B-க்கும் இடையே உள்ள 12 வோல்ட்டை 2 ஆம்பியரால் பெருக்குகிறார்கள். அது வலது கிளை முழுவதும் சேர்ந்து வாங்குவது. அதில் 3 ஓம் மின்தடை 2 × 2 × 3 = 12 வாட்டைச் சூடாக்கிவிடுகிறது. பேட்டரிக்குள் போவது 6 × 2 = 12 வாட். இந்தக் கேள்வியில் இரண்டும் தற்செயலாக ஒரே எண்ணாக இருப்பதால், எதைக் கணக்கிட்டோம் என்பதை விடைத்தாளில் சொல்லில் எழுதிவிட வேண்டும். மொத்தக் கணக்கும் இப்படி நிற்கிறது: 20 வோல்ட் பேட்டரி தருவது 80 வாட். 2 ஓமில் 32, 6 ஓமில் 24, 3 ஓமில் 12, சார்ஜ் ஆகும் பேட்டரியில் 12. நிஜமான 6 வோல்ட் ஈய-அமில பேட்டரி என்றால் அதற்குள் சுமார் 2 வோல்ட் செல்கள் மூன்று இருக்கும். சார்ஜ் ஏற ஏற அதன் மின்னழுத்தம் 6-ஐத் தாண்டி உயரும், அப்போது A-யின் 12 வோல்ட்டும் மெல்ல உயர்ந்து வலது கிளையின் 2 ஆம்பியர் குறையத் தொடங்கும். கேள்வித்தாள் கேட்பது, சுவிட்சைப் போட்ட தொடக்கத்தில் பேட்டரி சரியாக 6 வோல்ட்டில் இருக்கும்போதுள்ள நிலையை மட்டும்தான்.